மந்திர ஆயுதம் கொடுத்தும் ஆட்டம் சாயாமல் இருக்க: டிஎம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திர வாள் கொடுத்தால் மான்ஸ்டர் சீக்கிரம் செத்துவிடும் என்றுதான் ஆட்டத்தை நடத்தும் புது டிஎம்கள் பயப்படுகிறார்கள். அது பெரிய பிரச்சினையே இல்லை. மான்ஸ்டர் நம் கையில் இருக்கிறது, போதவில்லை என்றால் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தலாம். பிரச்சினை வாள் வாங்கியவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் வரும். அவன் ஒரு ரவுண்டில் செய்வதை இவர் இரண்டு ரவுண்டில் செய்கிறார் என்றால், நாலு செஷனுக்குள் இவர் தன் முறை வரும்வரை போன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

குமுளியில் எங்கள் டேபிளுக்குக் கம்பத்திலிருந்தும் வண்டிப்பெரியாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் சிலர் இப்போது சொந்தமாக டிஎம் செய்கிறார்கள். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன். கணக்கு எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி. 2024 விதியில் ஆடுகிறவர்களுக்கும் முறை அதேதான், எண்கள் கொஞ்சம் மாறும்.

## 0. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லாருடைய கேரக்டர் ஷீட்டும் வேண்டும். ஒவ்வொருவரும் எத்தனை அட்டாக் செய்கிறார், ஹிட் போனஸ் எவ்வளவு, ஒரு அடியின் சராசரி டேமேஜ் எவ்வளவு என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள்.

அடுத்த சில செஷனில் வரப்போகிற மான்ஸ்டர்களின் ஏசி, ஹெச்பி வேண்டும். அப்புறம் யாரும் கேட்காத ஒரு விவரம்: உங்கள் ஆட்டத்தில் ஒரு நாளுக்கு, அதாவது இரண்டு லாங் ரெஸ்டுக்கு நடுவில், எத்தனை சண்டை வருகிறது? மனதில் நினைத்திருக்கும் எண் வேண்டாம், போன ரெண்டு மூணு செஷனில் நிஜமாக நடந்ததை எழுதுங்கள். நாலாவது படியில் இது வேண்டியிருக்கும்.

## 1. வாள் இல்லாமல் டேபிள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கணக்குக்குப் போகாதீர்கள். முதலில் இப்போதைய நிலை தெரிய வேண்டும், இல்லையென்றால் வித்தியாசம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஹிட் ஆகும் வாய்ப்புக்கு இவ்வளவுதான் சூத்திரம்:

```
(21 + ஹிட் போனஸ் - ஏசி) ÷ 20
```

லெவல் 5 பார்ட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரே ட்ரோல்: ஏசி 15, ஹெச்பி 84.

ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் 18, ஹிட் போனஸ் +7. (21 + 7 - 15) ÷ 20 போட்டால் 65 சதவீதம். லாங்ஸ்வோர்ட் 1d8+4, சராசரி 8.5. லெவல் 5 என்பதால் இரண்டு அட்டாக். ஆக ஒரு ரவுண்டுக்கு 8.5 × 0.65 × 2, கிட்டத்தட்ட 11.

ரோக்குக்கும் ஹிட் போனஸ் அதே +7, ஆனால் அட்டாக் ஒன்றுதான். ரேப்பியர் 1d8+4, அதன் மேல் ஸ்னீக் அட்டாக் 3d6, மொத்தம் சராசரி 19. 65 சதவீதம் போட்டால் 12 சொச்சம்.

கிளெரிக் சேக்ரட் ஃபிளேம் போட்டால் 2d8, சராசரி 9. ட்ரோல் சேவ் செய்வதையும் சேர்த்துப் பார்த்தால் 6 பக்கம் வரும். கிளெரிக்கின் மற்ற ஸ்பெல்லும் விசார்டின் ஃபயர்பாலும் வேறு கணக்கு. ஸ்லாட் தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது, இங்கே அதைக் கலக்க வேண்டாம்.

கிரிட்டிகலை விட்டுவிட்டேன். சேர்த்தால் எல்லாருக்கும் கொஞ்சம் கூடும், ஒப்பிடுவதற்கு அது தேவையில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஃபைட்டர் 11, ரோக் 12. கிட்டக்கிட்ட நிற்கிறார்கள். அட்டாக் இரண்டு என்பதும் ஸ்னீக் அட்டாக் என்பதும் ஒன்றுக்கொன்று ஈடாக எழுதப்பட்டிருக்கின்றன.

## 2. இப்போது வாளைக் கையில் கொடுத்துப் பாருங்கள்

புதியவர்கள் ஆசையாகக் கொடுக்கும் வாள் ஃபிளேம் டங். ரூல்புக்கில் அது ரேர். 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு ரேர் பொருளை லெவல் 5லிருந்து சரி என்கிறது, அதனால் "புக்கிலேயே இருக்கே அண்ணே" என்று கொடுத்துவிடுகிறார்கள். சொல்லைச் சொல்லி வாளை எரியவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக 2d6 தீ டேமேஜ்.

2d6 என்றால் சராசரி 7. ஃபைட்டரின் அடி 8.5லிருந்து 15.5 ஆகிறது, இரண்டு அட்டாக்குக்கும். ரவுண்டுக்கு 20. நேற்றுவரை 11.

அதே ஃபைட்டரிடம் வெறும் கூட்டல் வாள்களைக் கொடுத்துப் பார்த்தால் இப்படி வரும்: +1 வாள் 13, +2 வாள் 16, +3 வாள் 18. கவனியுங்கள், +3 வாள் வெரி ரேர், அதே கைடு அதை லெவல் 11க்குத் தள்ளி வைத்திருக்கிறது. ரேர் என்று பெயர் போட்டிருக்கும் ஃபிளேம் டங் இந்த ஃபைட்டரின் கையில் அதையே தாண்டிவிடுகிறது. பொருளின் ரேரிட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அது ஒரு பொதுவான அளவு. வாங்குகிறவர் எத்தனை தடவை அடிக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

இதே தீ ரோக்கின் கையில் இருந்தால்? ஒரே அட்டாக், 7 × 0.65, நாலரைதான் கூடும். 12 இருந்தது 17 ஆகும். ஃபைட்டருக்குக் கூடியது 9. ஒவ்வொரு அடிக்கும் சேரும் டைஸ், அதிகம் அடிப்பவருக்கு அதிகம் கொடுக்கும். ஆக்‌ஷன் சர்ஜ் போட்டு ஃபைட்டர் நாலு அட்டாக் எடுத்தால் ஒரே ரவுண்டில் சராசரி 40, ட்ரோலின் பாதி உயிர். லெவல் 11ல் மூன்றாவது அட்டாக் வரும்போது நீங்கள் எதுவும் கொடுக்காமலேயே வாள் இன்னும் பெரிதாகிவிடும்.

ட்ரோல் விஷயத்தில் இன்னொன்றும் நடக்கிறது, இது கணக்கில் தெரியாது. ட்ரோல் தன் முறை தொடங்கும்போதெல்லாம் 10 ஹெச்பி திரும்ப எடுத்துக்கொள்ளும், தீயோ ஆசிடோ பட்டிருந்தால் மட்டும் எடுக்காது. வாள் இல்லாத காலத்தில் விசார்ட் ஃபயர் போல்ட் போட வேண்டும், இல்லை யாராவது பந்தத்தோடு கிட்டே போக வேண்டும், நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எரியும் வாள் வந்ததும் அந்தப் பேச்சே நின்றுபோகிறது, ஃபைட்டர் அடித்தால் போதும். ஆகவே ஒவ்வொரு ஆயுதத்துக்கும் டேமேஜ் கணக்கோடு இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: இந்த வேலையை இப்போது பார்ட்டியில் யார் செய்கிறார்? அவர் வேலையை இது பிடுங்குகிறதா?

என் அளவுகோல் இது, ரூல்புக்கில் தேடாதீர்கள். வாங்குகிறவரின் ரவுண்டு டேமேஜ் கால் பங்கு கூடினால் பரவாயில்லை. பாதி கூடினால் மற்றவர்களுக்கும் சீக்கிரம் ஏதாவது வந்தாக வேண்டும். கிட்டத்தட்ட இரட்டிப்பானால் கொடுக்க வேண்டாம், வாளை மாற்றி எழுதுங்கள்.

## 3. எதைக் கூட்டுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

ஹிட் போனஸைக் கூட்டுவதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் ஏசி மெதுவாகத்தான் ஏறும். பெரிய அடல்ட் ரெட் டிராகனுக்கே 19தான். ஆகவே +3 என்பது பார்வைக்குச் சின்ன எண், ஆனால் அது பல லெவல் வளர்ச்சியை ஒரே நாளில் கொடுக்கிறது. அதுவும் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் வைத்திருப்பவர் என்றால், ஹிட்டில் 5 கழித்து டேமேஜில் 10 கூட்டிக்கொள்வார். உங்கள் +2 அந்தக் கழித்தலைத்தான் நிரப்பும். அவருக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

இங்கேதான் பெரிய தவறு ஒன்று நடக்கும். ஃபைட்டர் எல்லாவற்றையும் அடிக்கிறான் என்று பார்த்து டிஎம் மான்ஸ்டர் ஏசியை 15லிருந்து 18க்கு ஏற்றுவார். +3 வாள் வைத்திருக்கும் ஃபைட்டருக்கு மறுபடி 65 சதவீதம், எல்லாம் பழையபடி. மந்திர ஆயுதம் இல்லாத ரோக்குக்கு 65 இருந்தது 50 ஆகிவிடும். வாள் வாங்கியது ஒருவர், அபராதம் கட்டியது இன்னொருவர். மான்ஸ்டரைப் பலமாக்க வேண்டும் என்றால் ஏசியைத் தொடாதீர்கள். ஹெச்பியைக் கூட்டுங்கள், அல்லது இரண்டாவது மான்ஸ்டரைத் தூரத்தில் நிறுத்துங்கள். ஃபைட்டர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது, மற்றவர்களுக்கு வேலை வரும்.

டேமேஜ் டைஸ் கூட்டுகிறீர்கள் என்றால் "ஒவ்வொரு அடிக்கும்" என்று எழுதாமல் "ஒரு டர்னில் முதலில் படும் அடிக்கு மட்டும்" என்று எழுதுங்கள். ஸ்னீக் அட்டாக்கும் டர்னுக்கு ஒரு தடவைதான், அதே புத்தியை இங்கே வைக்கிறோம். முதல் அடிக்கு 1d6 தீ என்று வைத்தால் ஃபைட்டருக்கு ரவுண்டுக்கு 3 கூடும், ரோக்குக்கு 2 சொச்சம் கூடும். யார் கையில் போனாலும் கிட்டத்தட்ட ஒரே வாள். ஃபைட்டரின் 11 இப்போது 14, அளவுகோலில் கால் பங்கைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது.

சண்டைக் கணக்கைத் தொடாத சக்திகள் மூன்றாவது வகை. நனைந்த விறகைப் பற்றவைக்கும் வாள், எல்லைக் கல்லைத் தாண்டும்போது அதிரும் வாள், இருட்டில் வெளிச்சம் தரும் வாள். மூன்டச்ட் ஸ்வோர்ட் என்று ஒரு காமன் பொருள் இருக்கிறது, வெளிச்சம் தவிர வேறெதுவும் தராது, ஆனாலும் அது மந்திர ஆயுதம். 2014 விதியில் வேர்வுல்ஃபை வெள்ளி பூசாத சாதா ஆயுதம் தொடவே தொடாது, இது தொடும். லெவல் 3 பார்ட்டிக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் கொடுப்பேன். 2025ல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் அந்த சாதா ஆயுதத் தடையை எடுத்துவிட்டார்கள், அதில் ஆடுகிறவர்களுக்கு இந்தக் காரணம் கிடையாது.

## 4. கட்டுப்பாடு நிஜமாகவே கட்டுப்படுத்துகிறதா என்று சோதியுங்கள்

பலமான வாளைக் கொடுத்துவிட்டு "ஒரு நாளைக்கு மூன்று சார்ஜ், விடியற்காலையில் நிரம்பும்" என்று எழுதினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். முன்பே எழுதி வைத்த எண்ணை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடுகிற டேபிளில் கதையின் ஒரு நாளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சண்டைதான் வரும். அந்த ஒரு சண்டையிலேயே மூன்று சார்ஜையும் கொட்டிவிட்டுத் தூங்கப் போனால் மறுபடி மூன்று. கட்டுப்பாடு தாளில் இருக்கிறது, ஆட்டத்தில் இல்லை.

அதனால் நேரத்தோடு கட்டாமல் இடத்தோடு கட்டுங்கள். எங்கள் கதை இரண்டு ராஜ்யத்துக்கு நடுவில் ஒரு கணவாயில் நடக்கிறது (இங்கே செக்போஸ்ட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்). எங்கள் வாளின் சார்ஜுக்குப் பெயர் கங்கு, அது மலைமேல் இருக்கும் கோயில் தீயில்தான் திரும்ப நிரம்பும். நம்ம மங்கலதேவி கண்ணகி கோயில் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை, சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும் என்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கதைக்கு அழகு, ஆட்டத்துக்கு ஆகாது. அவ்வளவு அரிதாக நிரம்பும் சார்ஜை யாரும் செலவழிக்க மாட்டார்கள், கடைசிவரை சேர்த்தே வைத்திருப்பார்கள். ஒரு டன்ஜன் முடித்துத் திரும்பும்போது ஒரு தடவை நிரம்புகிற மாதிரி வைத்தால் போதும்.

அட்யூன்மெண்டை நம்பி இருக்காதீர்கள். ஒருவர் மூன்று பொருளுக்குத்தான் அட்யூன் ஆகலாம் என்பது நல்ல விதி, ஆனால் லெவல் 5ல் யாரிடம் நாலு பொருள் இருக்கிறது? அந்தக் கட்டு பிற்பாடுதான் இறுகும். இப்போதைக்கு அதனால் ஒரு பலன்: அட்யூன் ஆக ஷார்ட் ரெஸ்ட் வேண்டும், சண்டைக்கு நடுவில் வாளைக் கைமாற்றி எல்லாரும் பயன்படுத்த முடியாது.

போனஸ் ஆக்‌ஷன் கட்டணமும் அப்படித்தான். ஃபிளேம் டங்கை எரியவிட ஒரு போனஸ் ஆக்‌ஷன். ஃபைட்டருக்கு அதில் செலவழிக்க வேறு பெரிதாக எதுவும் இல்லை, அவனுக்கு அது இலவசம் மாதிரி. ஓடி ஒளிய அதையே நம்பியிருக்கும் ரோக்குக்கு அது கணிசமான விலை. கட்டணத்தை வாங்குகிறவரின் பையைப் பார்த்து வையுங்கள்.

உண்மையில் அந்த வாளில் நல்ல கட்டுப்பாடு ஒன்று ஏற்கனவே இருக்கிறது, எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எரியும்போது அது 40 அடிக்குப் பளிச்சென்ற வெளிச்சமும் அதற்கு மேல் 40 அடிக்கு மங்கல் வெளிச்சமும் கொடுக்கும். இருட்டுக் குகையில் 80 அடி தூரம் "நாங்க வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டு போவதுதான் அது. இதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே ஃபைட்டர் வாளை எப்போது எரியவிடுவது என்று யோசிப்பான்.

## 5. கார்டில் எழுதி, கடனாகக் கொடுங்கள்

வாயால் சொல்லிக் கொடுத்த ஆயுதம் வாரத்துக்கு வாரம் வளரும். சின்ன அட்டையில் எழுதிக் கொடுங்கள். எங்கள் டேபிளில் இருக்கும் அட்டை இது:

கணவாய்க் கங்கு. லாங்ஸ்வோர்ட், அட்யூன்மெண்ட் வேண்டும். ஒரு டர்னில் முதலில் படும் அடிக்கு 1d6 தீ. மூன்று கங்கு: அந்த அடியிலேயே ஒரு கங்கைச் செலவழித்தால் இன்னும் 2d6. கங்கு கோயில் தீயில் மட்டும் நிரம்பும்.

ஃபைட்டர் ஆடும் தம்பி படித்ததும் கேட்டது: "அண்ணே, ஒரே டர்ன்ல மூணு கங்கையும் போடலாமா?" கேட்கத்தான் வேண்டும், அட்டையில் ஓட்டை இருந்தது. "ஒரு டர்னில் ஒன்றுதான்" என்று பேனாவால் சேர்த்தோம். வாளைக் கொடுக்கும் அன்றே இப்படி எல்லார் முன்னாலும் படிக்க விடுங்கள், ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் பிளேயர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்புறம் முதல் தடவை சொந்தமாகக் கொடுக்காதீர்கள். கோயில் பூசாரி இரவல் தருகிறார், ஊரைப் பிடித்த ட்ரோலை விரட்டியதும் திருப்பித் தர வேண்டும் என்று வையுங்கள். நாலைந்து சண்டையில் எப்படி ஆடுகிறது என்று பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் பூசாரி "நீயே வச்சுக்கோப்பா" என்று சொல்லிவிடுவார். சரியில்லை என்றால் வாள் கதைப்படியே வீடு திரும்பும், யார் முகமும் வாடாது.

பார்க்க வேண்டிய அடையாளம் மான்ஸ்டர் எத்தனை ரவுண்டில் செத்தது என்பது இல்லை. d20 உருண்டு நிற்கும் முன்பே ஃபைட்டர் தீ டைஸை எடுத்துக் கையில் குலுக்குகிறானா? "நீ அடி, நான் வாசலைப் பார்த்துக்கிறேன்" என்று மற்றவர்கள் ஒதுங்குகிறார்களா? ஒரே சண்டையில் ஒதுங்கினால் அது திட்டம். தொடர்ந்து ஒதுங்கினால் வாள் அதிகம்.

## 6. ஏற்கனவே கொடுத்தாயிற்று என்றால்

முதலில் செய்யக்கூடாதவை. ரஸ்ட் மான்ஸ்டரை அனுப்பி வாளைத் துருப்பிடிக்க வைக்கலாம் என்று நினைப்பார்கள். அதன் துரு மந்திரம் இல்லாத இரும்பைத்தான் தின்னும், விதிப்படி வாளுக்கு ஒன்றும் ஆகாது, பாவம் கிளெரிக்கின் கவசம்தான் போகும். திருடனை விட்டு வாளைத் திருடுவதும் வேண்டாம். அடுத்த பல செஷன் அந்தத் திருடனைத் துரத்துவதிலேயே போகும், உங்கள் கதை அங்கேயே நிற்கும். வரும் மான்ஸ்டர் எல்லாம் தீயால் பாதிக்கப்படாதவை என்று வைப்பதும் அதே ரகம். நாலு சண்டையில் ஒன்று அப்படி இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு, நாலும் அப்படி என்றால் பழிவாங்கல் என்று எல்லாருக்கும் புரியும்.

செய்ய வேண்டியது, செஷன் தொடங்கும் முன் ஃபைட்டர் ஆடுகிறவரிடம் தனியாகப் பேசுவது. கணக்கைக் காட்டுங்கள்: "தம்பி, உன் வாள் இப்ப 20 கொடுக்குது, அவங்க 12ல நிக்கிறாங்க. ஒவ்வொரு அடிக்கும்னு இருக்கிறதை முதல் அடிக்குன்னு மாத்திக்கலாமா? பதிலுக்கு வாளுக்கு வேற ஒண்ணு தர்றேன்." பதிலுக்கு மூன்றாம் படியில் சொன்ன சண்டைக்கு வெளியே உதவும் சக்தி ஒன்றைக் கொடுங்கள். வெறும் கையோடு பிடுங்குவதுதான் கசக்கும், மாற்றாகக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

2d6ஐ அப்படியே விட்டு, முதல் அடிக்கு மட்டும் என்று மாற்றினாலே 20 இருந்தது 17 ஆகும். அந்த மிச்ச இடைவெளியை மற்றவர்கள் பக்கம் நிரப்புங்கள். ரோக்குக்கு ஒரு +1 ரேப்பியர் கொடுத்தால் அவர் 14க்கு வருவார். கிளெரிக்குக்கு டேமேஜ் தேடிப் போக வேண்டாம், அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைத் திரும்பத் தரும் பேர்ல் ஆஃப் பவர் மாதிரி ஒன்று அதைவிடப் பிடிக்கும்.

ஆனால் இந்த ஈடுகட்டலை ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். ரோக்குக்குக் கொடுத்தது ஃபைட்டரைத் தாண்டி, அப்புறம் ஃபைட்டருக்கு மறுபடி, அப்புறம் ரேஞ்சருக்கு என்று போனால் லெவல் 7ல் எல்லாரிடமும் வெரி ரேர் பொருள் இருக்கும், உங்களிடம் அவர்களுக்கு எதிரே நிறுத்த மான்ஸ்டர் இருக்காது. இரண்டாவது சுற்று தேவைப்படுகிறது என்று தோன்றினால் முதல் வாளுக்கே திரும்பிப் போய், அதன் டைஸை 2d6லிருந்து 1d6க்கு இறக்குங்கள்.